எந்தக் கடைக்குக் கடன் கொடுப்பீர்கள்?

கட்டில், சோபா, அலமாரி விற்கும் இரண்டு நிறுவனங்கள் ஒரே வங்கியில் தலா 10 கோடி ரூபாய் கடன் கேட்கின்றன. இரண்டும் கடந்த இரண்டு ஆண்டுக் கணக்குகளைக் கொடுத்திருக்கின்றன. கடன் பிரிவு அதிகாரி ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் சரி சொல்ல முடியும். யாருக்குச் சொல்லலாம், ஏன்?

கணக்கியல் படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் ‘விகிதப் பகுப்பாய்வு’ என்ற பாடமாகத் தொடங்கி, பட்டயக் கணக்காளர் தேர்வு வரை கூடவே வரும். இரண்டு நிறுவனங்களின் இலாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் கொடுத்துவிட்டு, நீர்மைத்தன்மை, கடன் சுமை, இலாபத்தன்மை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுக் காரணங்களுடன் கருத்துரை எழுதச் சொல்வார்கள். விகிதத்தைக் கணக்கிட வகுத்தல் தெரிந்தால் போதும். மாணவர்கள் மதிப்பெண்ணை இழப்பது கருத்துரையில்தான். பங்கு வாங்குபவரும், கடனுக்குச் சரக்கு அனுப்புபவரும், சில நேரம் வங்கி அதிகாரியும்கூடத் தவறுவது அதே இடத்தில்தான்.

அதனால் ஒரு கேள்வியை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் இந்தக் கட்டுரைக்காக நான் அமைத்தவை. நிறுவனங்களை க, ம என்று அழைக்கிறேன். தொகைகள் எல்லாம் கோடி ரூபாயில்.

க நிறுவனம் வேகமாக விரிவடைந்த நிறுவனம். முதல் ஆண்டில் 100 கோடியாக இருந்த விற்பனை மறு ஆண்டில் 150 கோடி ஆனது. அதற்காக அது 40 கோடி புதுக் கடன் வாங்கிக் கடைகளைத் திறந்தது. ம நிறுவனம் நிதானமானது. விற்பனை 80 கோடியிலிருந்து 90 கோடிக்குத்தான் போனது. புதுக் கடன் வாங்கவில்லை, பழைய கடனில் 5 கோடியை அடைத்தது. விகிதங்கள் இவை:

| | க, முதல் ஆண்டு | க, 2-ஆம் ஆண்டு | ம, முதல் ஆண்டு | ம, 2-ஆம் ஆண்டு |
|---|---|---|---|---|
| நடப்பு விகிதம் | 2.00 | 1.88 | 1.25 | 1.18 |
| விரைவு விகிதம் | 1.00 | 0.72 | 0.63 | 0.65 |
| கியரிங் | 17% | 47% | 40% | 31% |
| இலாபம் வட்டியைப் போல் எத்தனை மடங்கு | 12 | 3 | 4 | 6.6 |
| மொத்த இலாப விகிதம் | 30% | 26% | 25% | 26% |
| ஈடுபடுத்திய முதலின் மீதான இலாபம் | 20% | 14% | 16% | 20% |

ஓராண்டுக்குள் கைக்கு வரவேண்டிய சொத்துகளை, ஓராண்டுக்குள் கொடுக்கவேண்டிய பாக்கிகளால் வகுத்தால் கிடைப்பது நடப்பு விகிதம். சரக்கிருப்பைக் கழித்துவிட்டு அதே வகுத்தலைச் செய்தால் விரைவு விகிதம். நிறுவனத்தில் இருக்கும் நீண்டகாலப் பணத்தில் கடனின் பங்கு எவ்வளவு என்பது கியரிங். மீதிப் பங்கு உரிமையாளர்களுடையது. கடைசி வரி, கடன்காரர்களும் உரிமையாளர்களும் சேர்ந்து போட்ட 100 ரூபாய்க்கு, வட்டியும் வரியும் கழிக்கும் முன் எத்தனை ரூபாய் இலாபம் வந்தது என்பது.

விடைத்தாளில் பொதுவாக வருவது

‘க நிறுவனத்தின் நடப்பு விகிதம் 2.00-இலிருந்து 1.88 ஆகச் சற்றுக் குறைந்துள்ளது. ஆனாலும் 2:1 என்ற அளவுக்கு அருகில் இருப்பதால் திருப்திகரமானது. ம நிறுவனத்தின் விகிதம் 1.18 மட்டுமே. எனவே நீர்மைத்தன்மையில் க சிறந்தது.’

இப்படி எழுதியவர் ஒரு எண்ணையும் தவறாகப் போடவில்லை. ஆனால் அட்டவணையில் இருந்ததை வாக்கியமாக மாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவும் இல்லை. முடிவும் தவறு.

2:1 என்ற அளவுகோல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வங்கியாளர்கள் பழக்கத்தில் கொண்டுவந்தது. நடப்புச் சொத்துகளின் மதிப்பு பாதியாக விழுந்தாலும் கொடுக்கவேண்டிய பாக்கியை அடைத்துவிடலாம் என்ற எச்சரிக்கைக் கணக்கு அது. எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் விதி அல்ல. பிரிட்டனின் டெஸ்கோ பல்பொருள் அங்காடிகள் பல ஆண்டுகளாக 1-க்கும் குறைவான நடப்பு விகிதத்தோடு வியாபாரம் செய்கின்றன. வாடிக்கையாளர் அன்றே பணம் கொடுக்கிறார். சரக்கு அனுப்பியவருக்குப் பல வாரம் கழித்துக் கொடுத்தால் போதும். இடையில் இருப்பது அடுத்தவர் பணம்தான்.

ஆகவே 1.88 நல்லதா என்று கேட்பதைவிட, அந்த 1.88 எதனால் ஆனது என்று கேட்பதுதான் முறை. க நிறுவனத்தின் நடப்புச் சொத்து முதல் ஆண்டில் 30 கோடி: சரக்கு 15, வாடிக்கையாளர் பாக்கி 10, பணம் 5. இரண்டாம் ஆண்டில் அது 60 கோடி: சரக்கு 37, வாடிக்கையாளர் பாக்கி 22, பணம் வெறும் 1. கொடுக்கவேண்டியது 15 கோடியிலிருந்து 32 கோடி ஆகிவிட்டது. மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே அளவில் இரட்டிப்பானதால் விகிதம் அசையாததுபோல் தெரிகிறது. உள்ளே பணம் வற்றி, சரக்கு குவிந்திருக்கிறது. விரைவு விகிதம் 1.00-இலிருந்து 0.72-க்கு விழுந்தது இதைத்தான் சொல்கிறது.

சரக்கு ஏறியது விற்பனை ஏறியதால்தானே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதற்கும் கணக்கிலேயே விடை உண்டு. சரக்கிருப்பை ஆண்டின் விற்ற பொருளடக்க விலையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், சரக்கு சராசரியாக எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது என்று தெரியும். க-வில் முதல் ஆண்டு 78 நாள், இரண்டாம் ஆண்டு 122 நாள். விற்பனை மட்டுமே காரணம் என்றால் நாட்கள் மாறியிருக்கக் கூடாது. வாடிக்கையாளர் பணம் தர எடுத்துக்கொள்ளும் நாட்களும் 37-இலிருந்து 54-க்கு ஏறியிருக்கின்றன. விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கடனுக்கு விற்றுத்தான் விற்பனையை உயர்த்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

இப்போது ம. அதன் நடப்பு விகிதம் 1.18-தான். ஆனால் சரக்கு கிடங்கில் கிடக்கும் காலம் 61 நாளிலிருந்து 49 நாளாகக் குறைந்திருக்கிறது. வாடிக்கையாளர் 24 நாளில் பணம் தருகிறார். கையில் 5 கோடி இருக்கிறது, கொடுக்கவேண்டியது 17 கோடி. நடப்பு விகிதம் குறைந்ததற்கே காரணம் அது சரக்கை மிச்சம் பிடித்ததுதான். ஆக, ஒரு விகிதம் குறைவது கெட்ட செய்தியாகவும் இருக்கலாம், சிக்கனமான நிர்வாகத்தின் விளைவாகவும் இருக்கலாம். விகிதம் இறங்கியது என்று மட்டும் எழுதினால் இரண்டில் எது என்று படிப்பவருக்குத் தெரியாது.

ஒரே 26

அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த வரி மொத்த இலாப விகிதம். இரண்டாம் ஆண்டில் இரண்டு நிறுவனங்களுக்கும் அது 26 சதவீதம். இரண்டாம் ஆண்டை மட்டும் பார்ப்பவர் ‘இரண்டும் சமம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கேள்வியில் இரண்டு ஆண்டுகளைக் கொடுப்பது அதனால்தான். க அங்கே 30-இலிருந்து இறங்கி வந்திருக்கிறது, ம 25-இலிருந்து ஏறி வந்திருக்கிறது.

க-வுக்கு ஏன் இறங்கியது? மொத்த இலாபம் என்பது விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளி. அது சுருங்கினால், விற்பனை விலையைக் குறைத்திருக்க வேண்டும், அல்லது கொள்முதல் விலை ஏறியிருக்க வேண்டும், அல்லது இலாபம் குறைந்த பொருள்களை அதிகம் விற்றிருக்க வேண்டும். இங்கே ம நிறுவனம் துணைக்கு வருகிறது. அதே மரம், அதே ஸ்பாஞ்சு, அதே சந்தை. கொள்முதல் விலை ஊர் முழுவதும் ஏறியிருந்தால் ம-வின் இலாப விகிதமும் அடிபட்டிருக்கும். அது உயர்ந்திருக்கிறது. எனவே காரணம் க-வின் உள்ளேதான் இருக்க வேண்டும். புதுக் கடைகளில் கூட்டம் சேர்க்கத் தள்ளுபடி கொடுத்திருக்கலாம். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதன் முழுப் பயனும் இதுதான்: ஒன்றுக்கு வந்த சங்கடம் தொழிலுக்கே வந்ததா, அதற்கு மட்டும் வந்ததா என்று மற்றொன்று காட்டிக் கொடுக்கும்.

‘தள்ளுபடி கொடுத்திருக்கலாம்’ என்றுதான் எழுதினேன், ‘கொடுத்தது’ என்று எழுதவில்லை. விகிதம் என்ன நடந்தது என்பதைச் சொல்லும். ஏன் நடந்தது என்பதற்குத் தடயம் மட்டுமே தரும். தடயத்தைத் தீர்ப்பாக எழுதுவது, எண்ணையே திருப்பி எழுதுவதற்கு அடுத்த பெரிய குறை. ஆனால் தடயங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது துணிந்து சொல்லலாம். க-வில் இலாப விகிதம் இறங்கியது, வாடிக்கையாளர் பாக்கி நீண்டது, அப்படியும் சரக்கு தேங்கியது. விலையைக் குறைத்தும் கடனுக்குக் கொடுத்தும், வாங்கிய அளவுக்கு விற்க முடியவில்லை என்ற ஒரே விளக்கம் மூன்றுக்கும் பொருந்துகிறது.

புதுப் பணம் எவ்வளவு சம்பாதித்தது?

கியரிங் 17 சதவீதத்திலிருந்து 47-க்குத் தாவியதைப் பார்த்ததும் ‘இது ஆபத்து’ என்று எழுதத் தோன்றும். கடன் அதனளவில் குற்றம் இல்லை. 10 சதவீத வட்டிக்கு வாங்கி 20 சதவீதம் சம்பாதிக்கும் நிறுவனம் கடன் வாங்குவதே உரிமையாளருக்கு நல்லது. ம-கூட முதல் ஆண்டில் 40 சதவீதத்தில்தான் இருந்தது. கேட்கவேண்டியது, அந்தக் கடன் தன் வட்டியையாவது சம்பாதித்ததா என்பது.

க-வின் முதல் ஆண்டுக் கடன் 10 கோடி, வட்டி 1 கோடி. அதாவது 10 சதவீதம். இரண்டாம் ஆண்டில் நீண்டகாலக் கடன் 50 கோடி, வட்டி 5 கோடி. இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. வட்டி வீதம் பழையபடியே 10 சதவீதம் என்றால், 50 கோடிக்கு முழு ஆண்டு வட்டி 5 கோடி. ஆகவே புதுக் கடன் ஆண்டின் தொடக்கத்திலேயே வாங்கப்பட்டிருக்க வேண்டும். இதை ஏன் கவனிக்க வேண்டும் என்றால், க-வின் நிர்வாகம் சொல்லக்கூடிய முக்கியமான சமாதானம் ‘கடைகளை ஆண்டுக் கடைசியில்தான் திறந்தோம். கடன் முழுதும் கணக்கில் வந்துவிட்டது, இலாபம் இனிமேல்தான் வரும்’ என்பது. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆண்டின் கடைசி மாதத்தில் வாங்கிய கடன் முழுவதும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடும், அந்தப் பணம் ஈட்டப்போகும் இலாபமோ அந்த ஆண்டுக் கணக்கில் இருக்காது. அப்போது விகிதம் பொய்யாகச் சரியும். இங்கே வட்டித் தொகையும் 50 சதவீத விற்பனை உயர்வும் சேர்ந்து அந்தச் சமாதானத்தை ஏற்கவிடாமல் செய்கின்றன. கடைகள் ஆண்டின் பெரும்பகுதி ஓடியிருக்கின்றன.

இனி முக்கியமான கணக்கு. க-வில் ஈடுபடுத்திய முதல் 60 கோடியிலிருந்து 106 கோடி ஆனது, அதாவது 46 கோடி கூடுதல். வட்டிக்கு முந்தைய இலாபம் 12 கோடியிலிருந்து 15 கோடி, அதாவது 3 கோடி கூடுதல். 46-க்கு 3 என்றால் ஆறரை சதவீதம். புதுப் பணத்தின் பெரும்பகுதி 10 சதவீத வட்டிக்கு வந்தது, சம்பாதித்தது ஆறரை. வட்டி 4 கோடி கூடியது, இலாபம் 3 கோடிதான் கூடியது. விற்பனை பாதி மடங்கு உயர்ந்தும், வட்டி போக, வரிக்கு முந்தைய இலாபம் 11 கோடியிலிருந்து 10 கோடியாகக் குறைந்ததன் காரணம் இதுதான். அட்டவணையில் இருக்கும் 14 சதவீதம் பழைய கடைகளின் நல்ல சம்பாத்தியத்தையும் புதுக் கடைகளின் மோசமான சம்பாத்தியத்தையும் கலந்த சராசரி. 14 என்பது 10-ஐவிட அதிகம்தானே என்று ஆறுதல் கொள்ள அது இடம் தருகிறது. கூடுதல் பணத்தைக் கூடுதல் இலாபத்தோடு மட்டும் ஒப்பிட்டால்தான் உண்மை வெளியே வரும். ஒரே ஒரு வகுத்தல்தான், ஆனால் விடைத்தாளில் இதைப் போடுபவர்கள் குறைவு.

அந்த 40 கோடி எங்கே போனது என்றும் இருப்புநிலைக் குறிப்பிலிருந்தே பார்த்துவிடலாம். கடைகளும் சாமான்களுமாக நிலைச் சொத்து 33 கோடி கூடியிருக்கிறது. சரக்கு 22 கோடியும் வாடிக்கையாளர் பாக்கி 12 கோடியும் கூடியிருக்கின்றன. மொத்தம் 67 கோடி போயிருக்கிறது. வந்தது நீண்டகாலக் கடன் 40, இலாபத்தில் பிடித்து வைத்தது 6, சரக்கு அனுப்புபவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்தியது 9, வங்கி ஓவர்டிராஃப்ட் 8, கையிருப்பில் கரைத்தது 4. கடைகளுக்குத் திட்டமிட்டுக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடைகளை நிரப்பும் சரக்குக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று திட்டமிட்டதாகத் தெரியவில்லை. கியரிங் உயர்வும் விரைவு விகித வீழ்ச்சியும் இலாபச் சரிவும் மூன்று தனித்தனிச் செய்திகள் அல்ல. ஒரே முடிவின் மூன்று முகங்கள். நல்ல கருத்துரை மூன்று தலைப்புகளையும் தனித்தனிப் பத்தியாக எழுதினாலும், எங்கோ ஓரிடத்தில் இந்த முடிச்சைக் காட்டிவிடும்.

ஓவர்டிராஃப்ட் பற்றி ஒரு சொல். 47 சதவீதக் கணக்கில் அந்த 8 கோடி இல்லை, அது நடப்புப் பொறுப்புகளில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகும் ஓவர்டிராஃப்ட் பெயரில்தான் குறுகிய காலம். அதையும் கடனில் சேர்த்தால் கியரிங் 51 சதவீதம். எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினாலும் சரி, இரண்டு நிறுவனங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் அதையே பயன்படுத்தி, எதைச் சேர்த்தோம் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

வட்டி எத்தனை மடங்கு என்ற வரியிலும் கொஞ்சம் நிற்க வேண்டும். 12 மடங்கு 3 மடங்காகியிருக்கிறது. 3 என்பது உடனே மூழ்கும் அளவு அல்ல. ஆனால் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று போட்டுப் பாருங்கள். இந்த ஆண்டு மொத்த இலாப விகிதம் 4 புள்ளி இறங்கியது. அடுத்த ஆண்டும் அதே அளவு இறங்கினால், 150 கோடி விற்பனையில் 6 கோடி போய்விடும். 15 கோடி இலாபம் 9 கோடி ஆகும், மடங்கு 1.8 ஆகிவிடும். ஓவர்டிராஃப்டின் முழு ஆண்டு வட்டியும் அதன்மேல் சேரும்.

ம-வுக்கும் ஒரு கேள்வி

இவ்வளவையும் படித்துவிட்டு ம-வைக் குறையே இல்லாத நிறுவனம் என்று எழுதினால் அதுவும் அரைகுறை விடைதான். ம சரக்கு அனுப்பியவர்களுக்குப் பணம் கொடுக்க 93 நாள் எடுத்துக்கொள்கிறது. அதன் வியாபாரம் குறைந்த பணத்தில் சுழல்வதற்கு ஒரு பெரிய காரணம் இந்தத் தவணை. பேசி ஒப்புக்கொண்ட தவணையா, இழுத்தடித்த தாமதமா என்று விகிதத்தில் தெரியாது. இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு 45 நாளுக்குமேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது. 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்ற விதியும் வந்துவிட்டது. மரச்சாமான் செய்து தருபவர்களில் சிறு பட்டறைகள் நிறைய. ம 93 நாளை 60 நாளாகக் குறைக்க நேர்ந்தால் உடனடியாக 6 கோடி வேண்டும். கையில் இருப்பது 5 கோடி. வங்கி அதிகாரி ம-விடம் கேட்கவேண்டிய முதல் ஆவணம், சரக்கு அனுப்புபவர்களின் பாக்கிப் பட்டியல், தேதிவாரியாக.

டிசம்பர் 31 மட்டும்

இந்த முறைக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. இருப்புநிலைக் குறிப்பு ஆண்டின் ஒரே ஒரு நாளின் நிலையைக் காட்டுகிறது. அந்த ஒரு நாளை அழகுபடுத்த முடியும்.

பிரிட்டனில் மருத்துவமனைகளும் சாலைகளும் கட்டிய கரிலியன் நிறுவனம் இதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம். 2016 டிசம்பர் 31 அன்று அதன் நிகரக் கடன் சுமார் 21.9 கோடி பவுண்டு. ஆனால் அதே ஆண்டின் சராசரி நிகரக் கடன் சுமார் 58.7 கோடி பவுண்டு. ஆண்டுக் கடைசி எண்ணை வைத்துக் கியரிங் போட்டவருக்கும் சராசரியை வைத்துப் போட்டவருக்கும் கிடைத்திருப்பவை இரண்டு வேறு நிறுவனங்கள். இரண்டு எண்களும் நிறுவனம் வெளியிட்டவைதான்.

இன்னொன்றும் இருந்தது. கரிலியன் தன் ஒப்பந்தக்காரர்களுக்கு 120 நாள் தவணை வைத்திருந்தது. அவசரப்படுபவர்களுக்கு வங்கி முன்கூட்டியே பணம் கொடுத்துவிடும், கரிலியன் பிறகு வங்கிக்குக் கொடுக்கும். வங்கிக்குக் கொடுக்கவேண்டிய அந்தத் தொகை கடன் என்ற தலைப்பில் வராமல், இதர கடனீந்தோர் என்ற தலைப்பில் உட்கார்ந்திருந்தது. அது சுமார் 50 கோடி பவுண்டு வரை இருக்கும் என்று மூடீஸ் நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது. 2017 ஜூலையில் ஒப்பந்தங்களில் 84.5 கோடி பவுண்டு இழப்பை அறிவித்த கரிலியன், 2018 ஜனவரி 15 அன்று கலைப்புக்குப் போனது. அப்போது அதன் கையில் இருந்த பணம் 2.9 கோடி பவுண்டு, பொறுப்புகள் ஏறக்குறைய 700 கோடி பவுண்டு. சூத்திரத்தைச் சரியாகப் போட்டும், கடன் என்ற தலைப்பில் இருந்ததை மட்டும் கடன் என்று எடுத்தவர்கள் ஏமாந்தார்கள். இதர கடனீந்தோர் என்ற தலைப்பு திடீரென்று பெருத்தால், குறிப்புகளைத் திறந்து அது என்ன என்று பார்க்கவேண்டும் என்பது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கணக்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒப்பிடும்போது இரண்டு நிறுவனங்களும் ஒரே கணக்கியல் முறையைப் பின்பற்றுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தவரையும் வாடகைக் கட்டடத்தில் வைத்தவரையும் ஒப்பிடுவது முன்பு சிக்கலாக இருந்தது. வாடகை ஒப்பந்தத்தின் பொறுப்பு கணக்கிலேயே தெரியாது. 2019 ஏப்ரல் முதல், புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றும் நிறுவனங்கள் நீண்டகால வாடகை ஒப்பந்தங்களையும் பொறுப்பாகக் காட்டவேண்டியிருக்கிறது. அந்தத் தரநிலை பொருந்தாத சிறு நிறுவனங்களில் பழைய நிலைதான்.

விடை

நீர்மைத்தன்மை பற்றி நான் எழுதும் கருத்துரை இப்படி இருக்கும்: ‘க-வின் நடப்பு விகிதம் 1.88 என்று வலுவாகத் தெரிந்தாலும், நடப்புச் சொத்தில் 60 சதவீதத்துக்கு மேல் சரக்கு. அது கிடங்கில் இருக்கும் காலம் 78 நாளிலிருந்து 122 நாளாக நீண்டிருக்கிறது. பணம் 1 கோடி மட்டுமே, கொடுக்கவேண்டியது 32 கோடி. விரைவு விகிதம் 0.72 ஆக விழுந்ததும் ஓவர்டிராஃப்டை நாடியதும் பண நெருக்கடியைக் காட்டுகின்றன. ம-வின் விகிதங்கள் குறைவாக இருந்தாலும் நிலையாக இருக்கின்றன. சரக்கும் பாக்கியும் வேகமாகப் பணமாகின்றன. சரக்கு அனுப்புபவர்கள் தவணையைச் சுருக்காதவரை ம பாதுகாப்பான நிலையில் இருக்கிறது.’ என்ன மாறியது, எதனால் என்பதற்கு வேறொரு எண்ணின் சாட்சி, அதனால் என்ன ஆகும், எந்த நிபந்தனையில் இந்த முடிவு மாறும் என நான்கும் அதில் இருக்கின்றன. இதே முறையில் மற்ற இரண்டு தலைப்புகளையும் எழுதலாம்.

கடன் விண்ணப்பங்களுக்கு என் முடிவு இது. ம-வின் பாக்கிப் பட்டியலில் காலம் கடந்த பெரிய தொகைகள் இல்லையென்றால் அதற்கு 10 கோடி கொடுக்கலாம். கொடுத்த பிறகும் அதன் கியரிங் 42 சதவீதம்தான், க இப்போதே நிற்கும் இடத்தைவிடக் குறைவு. க-வுக்கு இந்த ஆண்டு கொடுக்கக் கூடாது. தன் பழைய 78 நாள் அளவுக்குச் சரக்கைக் குறைத்தாலே க-வுக்கு 13 கோடிக்கு மேல் பணம் வெளியே வரும். அது 8 கோடி ஓவர்டிராஃப்டை அடைத்துவிட்டு மீதி வைக்கப் போதுமானது, வங்கியிடம் அது கேட்கும் 10 கோடியைவிட அதிகமும்கூட.